அவசர உதவி: படம் ஒரு பக்கம், ஒலி ஒரு பக்கம். காலை 6 மணிக்குக் கொடுக்க வேண்டும்

மாடிஅறை_எடிட்டர் | இரவு 11.18
திருக்கடையூரில் நடந்த அறுபதாம் கல்யாண வீடியோ. எல்லாம் முடிந்து ரெண்டர் போடும் நேரத்தில் பார்த்தால் கெட்டிமேளம் முழங்குகிறது. படத்தில் புரோகிதர் இன்னும் கையையே உயர்த்தவில்லை. வீட்டுப் பையன் காலை 6 மணிக்கு விமான நிலையம் கிளம்புகிறார், பென் டிரைவ் அவர் கையில் இருக்க வேண்டும். என்ன செய்யலாம்? யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

செல்வி_கலவை | 11.24
எந்தக் கேமரா? ஒலி அதே கேமராவின் ஒலியா, தனி ரெக்கார்டரா? டைம்லைன் எத்தனை பிரேம்? இதில் ஒன்றையும் சொல்லாமல் "என்ன செய்யலாம்" என்றால் எப்படி?

பந்தல்_ராஜா | 11.27
மேளக்காரர்கள் தூரத்தில் உட்கார்ந்திருப்பார்கள் தம்பி. ஒலி வந்து சேர நேரமாகும். எங்கள் ஊர்ப் பெரிய மண்டபங்களில் இது எப்போதும் நடக்கும்.

செல்வி_கலவை | 11.29
ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகும். 14 மீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும் ஒரு பிரேம்தான் வித்தியாசம். அதோடு தூரத்தால் ஒலி பிந்தும், முந்தாது. இங்கே முந்துகிறது.

மாடிஅறை_எடிட்டர் | 11.35
மன்னிக்கவும், பதற்றம். மெயின் கேமராவை அந்த நேரத்தில் சொந்தக்காரர்கள் மறைத்துவிட்டார்கள். தாலி கட்டியது சரியாகத் தெரிவது மாமா ஒருவர் கைபேசியில் எடுத்த 22 நிமிடக் காட்சியில் மட்டும்தான். ஒலியும் அதே கைபேசியுடையது. டைம்லைன் 25.

ரீல்காலம் | 11.41
இருபது வருடமாகச் சொல்லி வருகிறேன், கைபேசியில் எடுத்ததை எடிட்டிங் மேசைக்கே கொண்டுவரக் கூடாது என்று. அடிப்படை தெரியாமல் கடை திறந்தால் இப்படித்தான். 29.97இல் எடுத்ததை 30 என்று எடுத்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். வேகத்தை 99.9 ஆக்கு, தூங்கப் போ.

செல்வி_கலவை | 11.46
ஐயா, 29.97க்கும் 30க்கும் ஆயிரத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம். 12 நிமிடத்தில் முக்கால் நொடிகூடச் சேராது. தம்பி, கெட்டிமேளம் எத்தனையாவது நிமிடம், எவ்வளவு விலகுகிறது? ஆரம்பம், நடு, கடைசி என்று நாலு இடத்தில் அளந்து போடு. கை தட்டுவது, தேங்காய் உடைப்பது மாதிரி சத்தமும் அசைவும் சேர்ந்த இடமாகப் பார்.

குமரி_வீடியோஸ் | 11.50
எனக்கும் இதே பிரச்சினை. பென் டிரைவை டிவியில் போட்டால் படம் வருகிறது, ஒலி சுத்தமாக வரவில்லை. இதற்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மாடிஅறை_எடிட்டர் | 12.09
அளந்தேன். ஆரம்பம் சரி. 6ஆம் நிமிடம் படம் 1.2 நொடி பின்னால். 12இல் (கெட்டிமேளம்) 2.4. 18இல் 3.6. ஆனால் 19இல் தலைகீழ், படம் அரை நொடிக்கு மேல் முன்னால் போகிறது. கடைசியில் மறுபடி சரி! இரண்டு முறை அளந்துவிட்டேன். பேய் பிடித்த மாதிரி இருக்கிறது.

செல்வி_கலவை | 12.13
பேய் இல்லை. இரண்டு கேள்வி. வி.எல்.சி.யில் அந்தக் கோப்பைத் தனியாக ஓட்டினால் சரியாக இருக்கிறதா? 18க்கும் 19க்கும் நடுவில் மண்டபத்தில் என்ன நடந்தது?

மாடிஅறை_எடிட்டர் | 12.20
வி.எல்.சி.யில் துல்லியமாக இருக்கிறது. 18இல்... கரண்ட் போனது. ஜெனரேட்டர் போடும் வரை இருபது நொடிக்குச் சற்று மேல் இருட்டு. விளக்கு வெளிச்சம் மட்டும். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

செல்வி_கலவை | 12.31
அதுதான் சம்பந்தமே. வெளிச்சம் குறைந்ததும் சில கைபேசிகள் நொடிக்கு 30 பிரேம் எடுப்பதை விட்டு 24க்கு இறங்கிவிடும். 22 நொடிக்கு ஆறாறு பிரேமாகக் குறைந்தால் 132. எந்தப் பிரேம் எந்த நொடியில் வர வேண்டும் என்று கோப்பில் எழுதியிருக்கிறது, வி.எல்.சி. அதைப் படித்து ஓட்டுகிறது. உன் மென்பொருள் மொத்தப் பிரேமை மொத்த நேரத்தால் வகுத்து, நொடிக்கு 29.9 என்று முழுக்கோப்புக்கும் ஒரே வேகம் வைத்துவிட்டது. அதனால் நல்ல வெளிச்சத்தில் எடுத்த பகுதி மெதுவாக ஓடிப் பின்தங்குகிறது, இருட்டுப் பகுதி வேகமாக ஓடித் தாண்டுகிறது, கடைசியில் கணக்கு நேராகிறது. மீடியாஇன்ஃபோவில் திறந்து பார், இப்படி இருக்கும்:

```
Frame rate mode : Variable
```

இருந்தால் பிரேம் வேகத்தை நிலையாக்கிப் புதுக்கோப்பு எடு:

```
ffmpeg -i maama.mp4 -vf fps=30 -c:v libx264 -crf 16 -c:a pcm_s16le -ar 48000 maama30.mov
```

இருட்டு நொடிகளில் சில பிரேம்கள் இரட்டிக்கும், லேசாகத் தட்டும். அதை யாரும் பார்க்க மாட்டார்கள்.

சுப்பு_கட் | 12.38
அக்கா சொல்வது சரி. ஆனால் இப்போது மணி என்ன? 22 நிமிடத்தை மாற்றி, டைம்லைனில் பொருத்தி, வெட்டுகள் நகர்ந்திருந்தால் அதையும் சரிசெய்து... தாலி கட்டும் 40 நொடியை மட்டும் எடுத்து ஒலியை 60 பிரேம் பின்னால் தள்ளினால் போதும். அந்த 40 நொடிக்குள் விலகல் மூன்று பிரேம்தான் கூடும்.

செல்வி_கலவை | 12.41
மூன்று பிரேம் என்றால் தவில் கோலில் தெரியும். நாற்பது நொடியின் நடுவில் ஒட்டவைத்தால் இரண்டு பக்கமும் ஒன்றரையாகும், ஓரளவு தப்பிக்கலாம். அந்தக் கோப்பிலிருந்து வேறு துண்டுகள் எத்தனை போட்டிருக்கிறாய்?

ரீல்காலம் | 12.44
இதற்கு இத்தனை கணக்கா? கெட்டிமேளத்தின் மேல் ஒரு பாட்டைப் போட்டு மூடு. நாங்கள் கேசட் காலத்தில் அப்படித்தான் செய்தோம், யாரும் கேட்டதில்லை.

பந்தல்_ராஜா | 12.49
கெட்டிமேளத்தை மூடுவதா? கல்யாண வீடியோவில் அது ஒன்றுதான் நிஜ ஒலி. என் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தில் அப்படிப் பாட்டைப் போட்டு வைத்திருக்கிறார்கள். அன்று வாசித்தவர் இப்போது இல்லை. அவர் கை ஆடுகிறது, நாதஸ்வரம் கேட்கவில்லை. இன்றைக்கும் அந்த எடிட்டரைத் திட்டிக்கொண்டுதான் பார்க்கிறோம்.

ரீல்காலம் | 12.52
உணர்ச்சி வேறு, தொழில் வேறு. முதலில் நம் நாட்டில் எல்லாரும் 25இல் எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

சுப்பு_கட் | 12.55
25இல் வைத்தாலும் கைபேசி இருட்டில் நிலையாக நிற்கும் என்று என்ன உத்தரவாதம்? 25 என்பது நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு மினுக்காமல் இருப்பதற்கு வசதி. அதுகூட ஷட்டர் 50இல் ஒன்று இருந்தால்தான். 30இல் எடுத்தாலும் அதே ஷட்டர் வைக்கலாமே.

ரீல்காலம் | 12.57
எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

குமரி_வீடியோஸ் | 1.06
என் டிவி ஒலி பற்றி யாரும் சொல்லவில்லை.

மாடிஅறை_எடிட்டர் | 1.48
Variable என்றுதான் இருக்கிறது. ஒன்பது துண்டு போட்டிருக்கிறேன், அதனால் முழுக்கோப்பையும் மாற்றுகிறேன். மடிக்கணினி பழையது, பாதிதான் ஆகியிருக்கிறது.

செல்வி_கலவை | 1.51
பழைய கோப்பை அழிக்காதே. டைம்லைனில் புதியதை மாற்றிவைத்ததும் ஒன்பது இடத்தையும் ஓட்டிப் பார்த்துவிட்டு ரெண்டர் போடு. பென் டிரைவ் எந்த வடிவில் இருக்கிறது என்றும் இப்போதே பார். எஃப்.ஏ.டி. 32 என்றால் 4 ஜி.பி.க்கு மேல் ஒரே கோப்பாக ஏற்காது. அதைக் காலை ஐந்தரைக்குக் கண்டுபிடிப்பாய்.

மாடிஅறை_எடிட்டர் | 4.37
கை உயர்ந்தது, மேளம் விழுந்தது. 3 துண்டில் வெட்டு நகர்ந்திருந்தது, சரிசெய்தேன். ரெண்டர் 60 சதவீதம்.

சுப்பு_கட் | 4.40
கோப்பு எத்தனை ஜி.பி. வரும்?

செல்வி_கலவை | 7.15
தம்பி? பென் டிரைவ் ஏற்றதா?

குமரி_வீடியோஸ் | 9.32
அக்கா, என் டிவி?