ஒரு சொல்கூட ஒத்துப்போகாத கட்டுரையை வரிசைக்காகப் பிடிப்பது சரியா?

கொழிஞ்சாம்பாறை:
பாலக்காட்டுக் கணவாய் பற்றி ஒரு மலையாளக் கட்டுரையைப் படித்துவிட்டு, தமிழில் என் சொந்த வாக்கியங்களில் ஏழு வாக்கியம் எழுதினேன். கல்லூரியில் ஒப்புமை சோதிக்கும் மென்பொருள் ‘கருத்து வரிசை ஒத்துள்ளது’ என்று குறித்துவிட்டது. மொழியே வேறு. எப்படிப் பிடித்தது, இது நியாயமா?

வேலந்தாவளம்:
இப்போதைய மாடல்கள் சொல்லைப் பார்ப்பதில்லை, பொருளைப் பார்க்கின்றன. ஒவ்வொரு வாக்கியமும் ஒரு வெக்டார், அதாவது எண்களின் பட்டியல், ஆகிறது. பொருள் நெருங்கினால் வெக்டாரும் நெருங்கும். கட்டுரையின் வரிசையும் அந்த வெக்டாருக்குள்ளேயே பதிந்துவிடும், அதனால்தான் மாட்டியது. வாக்கியங்களை இடம் மாற்றிப் போடுங்கள், போய்விடும்.

சித்தூர்ப்புழை:
முதல் பாதி சரிங்க. வரிசை விஷயம் அப்படி இல்லை. வாக்கியத்துக்கு ஒன்றாக வெக்டார் எடுக்கும்போது, அது கட்டுரையில் மூன்றாவதா ஏழாவதா என்பது மாடலுக்குத் தெரியவே தெரியாது. வரிசை உள்ளே வருவது அதற்கு அடுத்த இரண்டு இடங்களில்.

ஒன்று, துண்டு போடும் இடம். பல கருவிகள் மூன்று நான்கு வாக்கியங்களைச் சேர்த்து ஒரே துண்டாக ஒப்பிடும். நீங்கள் மூலத்தின் வரிசையிலேயே போனால், உங்கள் துண்டிலும் மூலத்தின் துண்டிலும் அதே மூன்று கருத்துகள் சேர்ந்து கிடக்கும். சொல் எதுவானாலும் மதிப்பு ஏறும். வேறு வரிசையில் எழுதினால் அந்த மூன்றும் மூன்று துண்டுகளுக்குச் சிதறும், மதிப்பு இறங்கும்.

இரண்டு, பொருத்தும் இடம். உங்கள் ஏழு வாக்கியத்தைப் பக்கவாட்டிலும் மூலத்தின் ஏழை மேலேயும் வைத்து 49 கட்டம் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கொசைன் மதிப்பு, அதாவது இரண்டு வெக்டாரும் எவ்வளவு நெருக்கம் என்ற எண். ஒரே தலைப்பு என்பதால் அங்கங்கே 0.6, 0.7 வரும், தனியாக அதற்கு அர்த்தமில்லை. ஆனால் உயர்ந்த மதிப்புகள் மூலைவிட்டத்தில் கோடு போட்டதுபோல் இறங்கினால் கருவி அவற்றை ஒரே தொடராகச் சேர்த்துவிடும். மரபணுத் தொடர்களை ஒப்பிட 1981-இல் வந்த ஸ்மித்–வாட்டர்மேன் முறையின் தர்க்கம்தான் இது. சுமாரான ஏழு பொருத்தம் வரிசையில் நின்றால், தனித்து நிற்கும் ஒரு பலமான பொருத்தத்தை விட அதிகப் புள்ளி வாங்கும். ஏழை வரிசைப்படுத்த 5040 வழி உண்டு. தற்செயலாக அதே ஒன்று அமையுமா?

குப்பம் எல்லை:
எங்கள் பக்கமும் இதே கதைதான். தெலுங்கில் வந்த பட்டுப்புழு வளர்ப்புச் சுற்றறிக்கையைத் தமிழாக்கிக் கொடுத்தால் ‘நகல்’ என்கிறது. மொழிபெயர்ப்பு நகலாகாமல் வேறென்ன ஆகும்? இந்தக் கருவிகளையே தூக்கிவிட வேண்டும்.

சித்தூர்ப்புழை:
அது வேறு கேள்விங்க. மூலம் இன்னது என்று மேலே போட்டுவிட்டால் அங்கே குற்றமே இல்லை, அந்த மூலத்தை விலக்கிவிட்டு ஓட்டச் சொல்லலாம். ஆனால் பிடித்த விதம் ஒன்றுதான். `LaBSE` போன்ற மாடலைப் பழக்கியதே மொழிபெயர்ப்பு இணைகளை வைத்து. தமிழ், தெலுங்கு, மலையாளம் மூன்றும் அதில் உண்டு. மொழி மாறினால் தப்பலாம் என்பது இனி நடக்காது.

மீனாட்சிபுரம்:
5040 கணக்கை ஏற்க மாட்டேன். கொழிஞ்சாம்பாறை, உங்கள் ஏழு கருத்தையும் வரிசையாகப் போடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை:
1 நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் இருக்கிறது. 2 அகலம். 3 தென்மேற்குப் பருவக்காற்று இதன் வழியே கோவை பக்கம் வருவது. 4 கோடையில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று பாலக்காட்டுக்குள் போவது. 5 கஞ்சிக்கோட்டில் காற்றாலை. 6 பனைமரங்கள். 7 வாளையார் வழி ரயிலும் சாலையும்.

மீனாட்சிபுரம்:
பாருங்கள். எங்கே இருக்கிறது, எவ்வளவு அகலம் என்பதை யாரும் முதலில்தான் எழுதுவார்கள். காற்றைச் சொல்லாமல் காற்றாலைக்குப் போக முடியாது. ஆக 1, 2 நிலையானவை; 3, 4, 5 ஒரு கொத்து, அதற்குள் 3-ம் 4-ம் மட்டும் இடம் மாறலாம். மிச்சம் காற்றுக் கொத்து, பனை, பாதை என்று மூன்று பொருள். அவற்றுக்கு ஆறு வரிசை, இரண்டால் பெருக்கினால் 12. 5040-இல் ஒன்று இல்லை, 12-இல் ஒன்று! இதை வைத்து ஒரு மாணவியைக் குற்றம் சொல்வீர்களா? வரலாறு எழுதினால் ஆண்டு வரிசை, சமையல் எழுதினால் செய்முறை வரிசை. விஷயமே விதிக்கிற வரிசைக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது.

சித்தூர்ப்புழை:
நல்ல கணக்கு, ஏற்கிறேன். ஆனால் அதிலேயே என் பதிலும் இருக்கிறது. பனை எதற்குக் காற்றாலைக்கும் ரயிலுக்கும் நடுவில் நிற்கிறது? விஷயம் அதைக் கேட்கவில்லை, மூலத்தை எழுதியவர் வைத்தார். பாரதப்புழை ஏன் பட்டியலில் இல்லை? அவர் விட்டார், இவரும் விட்டார். எதைச் சேர்ப்பது எதை விடுவது என்ற தேர்வு உங்கள் 12-க்குள் வரவே இல்லை.

சும்மா வாதாடாமல் சோதித்துப் பார்க்கலாம். மூலத்தோடு மட்டும் ஒப்பிட்டால் போதாது. இதே தலைப்பில், இதே மலையாளத்தில், தொடர்பில்லாத இன்னொரு கட்டுரையையும் எடுங்கள். ஒப்பிட எடுக்கும் இரண்டில் ஒன்று மலையாளம், இன்னொன்று தமிழ் என்று இருந்தால் இரண்டு மதிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது.

```python
from sentence_transformers import SentenceTransformer, util
m = SentenceTransformer("sentence-transformers/LaBSE")
S = util.cos_sim(m.encode(mine), m.encode(other))
print(S.argmax(dim=1), S.max(dim=1).values)
```

`mine`, `other` இரண்டும் வாக்கியங்களின் பட்டியல். உங்கள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் `other`-இல் மிக நெருங்கிய வாக்கியத்தின் எண்ணும் அதன் மதிப்பும் வரும். எண்கள் 0-இலிருந்து தொடங்கும்.

வேலந்தாவளம்:
சிறிய மாடல் போதுமே, `paraphrase-multilingual-MiniLM-L12-v2` வேகமாக ஓடும்.

சித்தூர்ப்புழை:
வேண்டாங்க. அதைப் பழக்கிய ஐம்பது சொச்சம் மொழிகளில் தமிழ் இல்லை. எண் வரும், நம்ப முடியாது. அதோடு 128 டோக்கனுக்கு, அதாவது சொல் துணுக்குகளுக்கு, மேல் சத்தமில்லாமல் வெட்டிவிடும். தமிழ்ச் சொல் பல துணுக்குகளாக உடைவதால் நீள வாக்கியத்தின் வால் காணாமல் போகும்.

கொழிஞ்சாம்பாறை:
ஓட்டினேன். மூலத்தோடு: 0 1 2 2 4 5 6. இன்னொரு கட்டுரையோடு: 0 1 4 4 5 3 2. முதலில் ஏன் 2 இரண்டு முறை? இரண்டாவதில் பனையே இல்லை, ஆனாலும் 3 என்கிறது.

சித்தூர்ப்புழை:
உங்கள் மூன்றாவதும் நான்காவதும் இரண்டுமே காற்றைப் பற்றியவை. மேற்கிலிருந்தா கிழக்கிலிருந்தா என்ற வேறுபாட்டில் மாடல் பலவீனம். ‘வரும்’, ‘வராது’ கூட அதற்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். கருவி அதை ஓர் இடைவெளியாக எடுத்துக்கொண்டு தொடரை அறுக்காமல் போகும். இரண்டாவது, `argmax` எதையாவது ஒன்றைக் கட்டாயம் சொல்லும். பொருத்தமே இல்லாவிட்டாலும் இருப்பதில் பெரியதைச் சொல்லும். பக்கத்தில் மதிப்பைப் பாருங்கள்.

கொழிஞ்சாம்பாறை:
பனைக்கு மூலத்தில் 0.81, மற்றதில் 0.38.

சித்தூர்ப்புழை:
அவ்வளவுதான். மற்றக் கட்டுரை பாதையைக் காற்றுக்கு முன்பே சொல்லிவிட்டது, பனையைத் தொடவே இல்லை. ஆக இந்த வரிசை விஷயம் விதித்தது அல்ல. வாக்கியங்களை இடம் மாற்றிப் போட்டால் கோடு உடையும், ஆனால் பனைக்கான 0.81 அப்படியே நிற்கும், மற்ற ஆறும் நிற்கும். தேர்வு மாறாதவரை தடம் போகாது.

மீனாட்சிபுரம்:
ஒரே ஒரு கட்டுரையை வைத்து ‘விஷயம் விதித்தது அல்ல’ என்று எப்படிச் சொல்கிறீர்கள்? ஐந்தாறு எடுங்கள். அவற்றில் இரண்டு இதே வரிசையில் போனால்? பனை பாலக்காட்டில் யார் கண்ணுக்கும் படும். இது ‘கேட்டுப் பார்’ என்பதற்குப் போதும், ‘திருட்டு’ என்பதற்குப் போதாது.

சித்தூர்ப்புழை:
அந்தக் கடைசி வாக்கியத்தில் சண்டை இல்லை. ஆனால் தேர்வும் வரிசையும் சேர்ந்து ஒத்தால் மூலத்தைக் குறிப்பிட்டே ஆக வேண்டும் என்பதில் இறங்க மாட்டேன்.

கொழிஞ்சாம்பாறை:
மூலத்தை அடியில் போட்டுவிடுகிறேன். காற்று ஏன் கோவைக்கும் பாலக்காட்டுக்கும் எதிரெதிராக வேலை செய்கிறது என்பதை முதலில் வைத்து, பாரதப்புழையையும் சேர்த்துத் திரும்ப எழுதப் போகிறேன். இன்னும் நான்கு கட்டுரை தேடி ஓட்டிவிட்டு எண்களை இங்கே போடுகிறேன்.

குப்பம் எல்லை:
மூலத்தை விலக்கி ஓட்டச் சொல்லலாம் என்றீர்களே, அதை யாரிடம் கேட்பது, மாணவரா ஆசிரியரா?