'ஹோல்ட்அவுட்' ஊருக்குத் தமிழில் என்ன பெயர்?

களுவாஞ்சிகுடியிலிருந்து

வணக்கம். சிறு வணிகர்களுக்கான கையேடு ஒன்றை எழுதிவருகிறேன். இரண்டு சொற்களில் நிற்கிறேன். சில ஊர்களில் வேண்டுமென்றே விளம்பரத்தை நிறுத்தி, மற்ற ஊர்களில் ஓடவிட்டு, விளம்பரத்தால் உண்மையில் எவ்வளவு விற்பனை கூடியது என்று அளக்கிறோம் அல்லவா? நிறுத்திய ஊரை 'ஹோல்ட்அவுட்' என்கிறார்கள், கிடைக்கும் விடையை 'லிஃப்ட்' என்கிறார்கள்.

எங்கள் சேலைக் கடைக்குச் செய்ததையே உதாரணமாக எழுதியிருக்கிறேன். வாழைச்சேனையிலும் அக்கரைப்பற்றிலும் இணைய விளம்பரத்தை நான்கு வாரம் நிறுத்தினோம். ஏறாவூரிலும் கல்முனையிலும் ஓடியது. அதற்கு முந்தைய நான்கு வாரங்களில் முதல் சோடிக்கு 400 ஓடர், இரண்டாவதுக்கு 500. சோதனையின்போது விளம்பரம் ஓடிய ஊர்கள் 550க்கு ஏறின. அதே விகிதத்தில் நிறுத்திய ஊர்களும் 440க்கு வந்திருக்க வேண்டும். வந்தது 396. விளம்பரம் இல்லாததால் இழந்தது 44 ஓடர்.

அந்த இரண்டு ஊர்களுக்கும் நான்கு வாரத்துக்கு 66,000 ரூபாய் செலவழித்துவந்தோம். அப்படியானால் விளம்பரம் கொண்டுவரும் ஓடர் ஒன்றுக்கு 1,500 ரூபாய். எங்களுக்கு ஓடருக்கு 900 ரூபாய்தான் மிஞ்சுகிறது. விளம்பரத் தளத்தின் அறிக்கையோ, முந்தைய நான்கு வாரங்களில் அதே ஊர்களில் 132 ஓடர் தன்னால் வந்ததாகச் சொன்னது. விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வாங்கிய எல்லோரையும் அது சேர்த்துக்கொள்கிறது. எப்படியும் வாங்க வந்திருப்பவரும் அதில் அடக்கம்.

காரைதீவிலிருந்து

தங்கச்சி, புதுச் சொல் எதற்கு? விஞ்ஞான பாடத்தில் பிள்ளைகள் 'கட்டுப்பாட்டுப் பரிசோதனை' என்று படிக்கிறார்கள். 'கட்டுப்பாட்டுப் பகுதி' என்று எழுதிவிடுங்கள். 'லிஃப்ட்' என்பதற்கு 'உயர்வு' போதும்.

களுவாஞ்சிகுடியிலிருந்து

சேர், பாடசாலைச் சொல் சரியானதுதான். ஆனால் நம் பக்கத்தில் 'கட்டுப்பாட்டுப் பகுதி' என்றால் யாருடைய கட்டுப்பாடு என்றுதான் முதலில் கேட்பார்கள். படுவான்கரையில் பிறந்து வளர்ந்தவருக்கு அந்தச் சொல்லோடு சோதனைச்சாவடிதான் நினைவுக்கு வரும். 'உயர்வு' என்பதும் ஒத்துவரவில்லை. எங்கள் கணக்கில் விளம்பரம் ஓடிய ஊர்கள் 50 ஓடர் உயர்ந்தன. அந்த 50 விளம்பரத்தின் வேலை அல்ல. அதற்கு முன்பும் அங்கே விளம்பரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

காத்தான்குடியிலிருந்து

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தச் சோதனையை நான் முன்பே செய்துவிட்டேன். நோன்புப் பெருநாள் முடிந்த மறுநாள் விளம்பரத்தை நிறுத்தினேன். விற்பனை பாதியாகிவிட்டது. பாதி வியாபாரம் விளம்பரத்தால்தான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

களுவாஞ்சிகுடியிலிருந்து

வஅலைக்கும் ஸலாம் நானா. நிறுத்தாமல் இருந்திருந்தாலும் பெருநாளுக்குப் பிறகு உடுப்பு விற்பனை விழுந்திருக்கும். எவ்வளவு விழுந்திருக்கும் என்று காட்ட, அதே பெருநாளைக் கொண்டாடிய இன்னோர் ஊரில் விளம்பரம் ஓடியிருக்க வேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாங்கும் ஊர்களை இரண்டு பக்கமும் நாங்கள் போட்டது அதற்காகத்தான். தீபாவளியோ பெருநாளோ எது வந்தாலும் இரண்டு பக்கத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரித் தொடும். காத்தான்குடியையும் மட்டக்களப்பு நகரையும் எதிரெதிரே வைத்தால் பலிக்காது. காலையில் இங்கே, மாலையில் அங்கே என்று இருப்பவர்கள் அதிகம், நிறுத்திய விளம்பரம் அவர்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். அப்போது வித்தியாசம் உள்ளதைவிடச் சிறிதாகத் தெரியும்.

சம்மாந்துறையிலிருந்து

நான் வயற்காரன். வட்டையில் புதுப் பசளை வந்தால் ஒரு துண்டுக்குப் போடாமல் விட்டுவைப்போம். அறுவடையில்தான் வித்தியாசம் தெரியும். அந்தத் துண்டு மேட்டில் இருந்தால் கணக்கு பொய்த்துவிடும். உங்கள் ஊர்களும் அப்படித்தான். அக்கரைப்பற்றுப் பக்கம் பெரும்போக நெல் விற்ற காசு புழங்கும் வாரங்களில் சோதனை விழுந்தால், மற்ற ஊர்களோடு ஒப்பிட முடியாது. 'விட்டுவைத்த ஊர்' என்று சொல்லலாமே.

காரைதீவிலிருந்து

சொல் நன்றாக இருக்கிறது, தம்பி. நான் 'ஊர்விலக்கு' என்று எழுத இருந்தேன். அது சாதி வழக்கில் ஒருவரைத் தள்ளிவைப்பதைக் குறிப்பதால் விட்டுவிட்டேன். 'விடுபட்ட ஊர்' என்றால் கவனக்குறைவாகிவிடும். 'விட்டுவைத்த' என்பதில்தான் வேண்டுமென்றே செய்ததாகப் பொருள் வருகிறது. முறைக்கு 'விட்டுவைப்புச் சோதனை' என்று பெயரிடலாம். ஆனால் ஒரு கேள்வி. அந்த 44 தற்செயலாக வந்தது இல்லை என்று எப்படித் தெரியும்?

களுவாஞ்சிகுடியிலிருந்து

நியாயமான கேள்வி, சேர். நாலு ஊரிலும் விளம்பரம் ஓடிய பழைய மாதங்களை எடுத்து, இதே பிரிப்பில் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தோம். எதையும் நிறுத்தாத மாதங்களிலும் 25 ஓடர் வரை மேலும் கீழும் போகிறது. 44 அதைத் தாண்டுகிறது, ஆனால் வெகுதூரம் தாண்டவில்லை. உண்மை 20 ஆகவும் இருக்கலாம், 70 ஆகவும் இருக்கலாம். 70 என்றால் ஓடருக்கு 950 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு, அப்போதும் கை நட்டம்தான். ஆகவே விளம்பரச் செலவைக் குறைக்கலாம் என்பதில் தயங்கவில்லை. எண்ணை மட்டும் அடித்துச் சொல்லமாட்டேன்.

'விட்டுவைத்த ஊர்' கையேட்டில் ஏறிவிட்டது. 'லிஃப்ட்' என்பதற்கு 'மெய்க்கூடுதல்' என்று எழுதிப் பார்த்தேன். ஒரு கடைக்காரருக்கு வாசித்துக் காட்டியபோது, மற்றக் கூடுதல் பொய்யா என்று கேட்டார். 'விளம்பரப்பேறு' அவருக்குப் பிடித்தது, எனக்கு அது பரிசுச் சீட்டை நினைவூட்டுகிறது. இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். அடுத்த மாதம் பண்டிகை எதுவும் இல்லை, ஊர்களை மாற்றிப் போடுகிறோம்: இம்முறை ஏறாவூரும் கல்முனையும் விட்டுவைத்த ஊர்கள்.