சவுதியில் கட்டாமல் விட்ட ஃபைன் லைசென்ஸ் புதுப்பிக்கும்போது வந்து நின்றது – உங்கள் அனுபவமும் எழுதுங்கள்

பாலக்கோடு டிரைவர்

எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து மட்டும் ரியாத்தில் வீட்டு டிரைவராக நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு நடந்ததை அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஒரே கஃபீலிடம், அதாவது விசா கொடுத்த முதலாளியிடம், ஏழு வருடம் ஓட்டினேன். வீட்டில் இரண்டு வண்டி. பெரிய வண்டியை நான் ஓட்டுவேன், இரவில் அவருடைய மகன் எடுத்துப் போவான். கேமராவில் விழும் ஃபைன் எல்லாம் வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் போகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கஃபீலும் எதுவும் சொன்னதில்லை.

2024 பிப்ரவரியில் லைசென்ஸ் முடிந்தது. மெடிக்கல் எடுத்துக்கொண்டு, ஐந்து வருடத்துக்கு 200 ரியால் கட்டி, சவுதி அரசின் ஆன்லைன் சேவையான அப்ஷரில் புதுப்பிக்கலாம் என்று உட்கார்ந்தால் போகவே இல்லை. முகாலஃபா, அதாவது டிராஃபிக் ஃபைன், பாக்கி இருக்கிறது என்றது. திறந்து பார்த்தேன், ஏழு முகாலஃபா, மொத்தம் 4,250 ரியால். என் சம்பளமே 1,800.

ஒவ்வொன்றாகத் திறந்து தேதியையும் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதினேன். வேகம் நான்கு, தலா 150. போன் பேசியது 500. பெல்ட் போடாதது 150. சிக்னல் தாண்டியது 3,000. இதில் சிக்னலும், வேகத்தில் இரண்டும் 2023 ஆகஸ்ட், செப்டம்பரில் விழுந்தவை. அந்த இரண்டு மாதமும் நான் லீவில் பாலக்கோட்டில் இருந்தேன். பாஸ்போர்ட்டில் போன முத்திரையும் வந்த முத்திரையும் இருக்கின்றன. அப்படியானால் 3,300 ரியால் நான் நாட்டிலேயே இல்லாத நாட்களுடையது.

ஆட்சேபம் போடலாம் என்று போனேன். பதிவான நாளிலிருந்து 30 நாள்தான் அதற்கு நேரம். ஆறு மாதம் ஓடியிருந்தது. எஸ்எம்எஸ் வந்திருக்குமே என்பீர்கள். வந்திருக்கும், ஆனால் நான் எப்போதோ தூக்கிப் போட்ட பழைய சிம்முக்கு. அப்ஷரில் அந்த நம்பரைத்தான் வைத்திருந்தேன். மாலில் இருக்கும் அப்ஷர் மெஷினில் கைரேகை வைத்து நம்பரை மாற்றியதே அதற்குப் பிறகுதான்.

கஃபீலிடம் முத்திரையைக் காட்டினேன். பார்த்தார், "சரி, பார்க்கலாம்" என்றார். இரண்டு மாதம் வண்டி எடுக்கவில்லை, தோட்ட வேலைதான், சம்பளம் பாதி. அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது. வீட்டில் அம்மாவிடம் சொல்லவில்லை.

அப்புறம் 2024 ஏப்ரலில் அரசாங்கமே அறிவித்தது. ஏப்ரல் 18-க்கு முன்னால் விழுந்த பழைய ஃபைன்களுக்குப் பாதித் தள்ளுபடி. 4,250 என்பது 2,125 ஆனது. கணக்குப்படி என்னுடையது 475-தான், கஃபீலின் மகனுடையது 1,650. கஃபீல் ஆயிரம் கொடுத்தார், மீதி 1,125 நான் கட்டினேன். நம்ம பணத்தில் கிட்டத்தட்ட 25 ஆயிரம். கட்டிய பிறகு லைசென்ஸ் தடையில்லாமல் கிடைத்தது.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? எப்படிச் சமாளித்தீர்கள்?

அரூர் அண்ணன்

தம்பி, கேமரா ஃபைன் வண்டி ஓனருக்குத்தான் வரும். பதினெட்டு வருடம் தம்மாமில் ஓட்டியவன் சொல்கிறேன். போலீஸ்காரன் நிறுத்தி நம் குடியிருப்பு அட்டையான இகாமாவை வாங்கி எழுதினால்தான் நம் பெயருக்கு வரும். உங்கள் கஃபீல் உங்களை ஏமாற்றிவிட்டார்.

கிருஷ்ணகிரி முன்னாள் மந்தூப்

அரூர் அண்ணா சொல்வது பாதி சரி. பழைய காலத்தில் அப்படித்தான் இருந்தது, இன்றைக்கும் எதுவும் செய்யாமல் விட்டால் ஓனருக்குத்தான் போகும். ஆனால் அப்ஷரில் ஓனர் தன் வண்டிக்கு "உண்மையில் ஓட்டுபவர்" என்று ஒருவருடைய இகாமா நம்பரைச் சேர்க்க முடியும். சேர்த்துவிட்டால் அந்த நாளிலிருந்து கேமரா ஃபைன் நேராக அந்த நம்பருக்குப் போகும். ஸ்டீயரிங்கில் யார் உட்கார்ந்திருந்தார் என்று கேமரா பார்ப்பதில்லை. நம்பர் பிளேட்டைப் பார்க்கும், அந்தப் பிளேட்டுக்கு யார் பெயர் எழுதியிருக்கிறதோ அங்கே அனுப்பும். பாலக்கோடு தம்பிக்கு நடந்தது அதுதான்.

வண்டி ஓட்ட அனுமதிக் கடிதம் கொடுப்பது வேறு, இது வேறு. இரண்டையும் நம் ஆட்கள் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள்.

மந்தூப் என்றால் கம்பெனிக்காக அரசு அலுவலக வேலைகளைப் பார்ப்பவர்; ஒரு கம்பெனியில் நாற்பது வண்டிக்கு இந்த வேலையை நான்தான் பார்த்தேன். அங்கே அதிகம் கண்ட சிக்கல் இன்னொன்று. டிரைவர் ஒரு வண்டியை விட்டு வேறு வண்டிக்கு மாறுவான். பழைய வண்டியில் அவன் பெயரை யாரும் எடுக்க மாட்டார்கள். புதிதாக வந்தவன் ஓட்டுவான், ஃபைன் இவனுக்கு வரும். அதனால் வண்டியை ஒப்படைக்கும்போது சாவியை மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள். தேதி, நேரம், கிலோமீட்டர் மூன்றையும் வாட்ஸப்பில் கஃபீலுக்கோ சூப்பர்வைசருக்கோ அனுப்பி, பெயரை எடுக்கச் சொல்லுங்கள். எடுத்தார்களா என்று உங்கள் அப்ஷரிலேயே பாருங்கள். எடுக்க வேண்டியது ஓனர்தான், ஆனால் கேட்டதற்கு உங்களிடம் எழுத்தில் ஒன்று இருக்கும்.

அந்தப் பாதித் தள்ளுபடி முடிந்துவிட்டது. முதலில் ஆறு மாதம் கொடுத்தார்கள், பிறகு 2025 ஏப்ரல் 18 வரை நீட்டித்தார்கள், அதோடு சரி. புதிதாக விழும் ஃபைனுக்குக் காலக்கெடுவுக்குள் கட்டினால் 25 சதவீதம் குறையும். இன்னொரு பாதித் தள்ளுபடி வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஓசூர் டெம்போ

எனக்கும் இதே மாதிரிதான். வாரம் மூன்று நாள் பெங்களூருக்கு லோடு போகிறேன். சில்க் போர்டு பக்கம் கேமராவில் எடுத்து நான்கு சலான் போட்டிருக்கிறார்கள். எஃப்சி எடுக்கும்போது தடுப்பார்களா? கர்நாடகாவில் பாதி கட்டினால் போதும் என்று ஒரு முறை விட்டார்களே, மறுபடியும் வருமா?

கிருஷ்ணகிரி முன்னாள் மந்தூப்

ஓசூர் தம்பி, இங்கே வெளிநாட்டு ஃபைன் பேசுகிறோம். உங்களுடையதைப் பரிவாஹன் இ-சலான் பக்கத்தில் வண்டி நம்பர் போட்டுப் பாருங்கள். எல்லாவற்றிலும் உங்கள் வண்டியின் போட்டோ இருக்கிறதா என்று முதலில் சரிபாருங்கள். நம்பர் தப்பாகப் படித்து வந்ததையும் பார்த்திருக்கிறேன்.

பென்னாகரம் குவைத்

நான் குவைத். அங்கே லைசென்ஸ் வரைக்கும் போக வேண்டாம், விமானநிலையத்திலேயே பிடித்துக்கொண்டார்கள். 2023 ஆகஸ்ட் 19-லிருந்து வெளிநாட்டவர் யாராக இருந்தாலும் டிராஃபிக் ஃபைன் பாக்கி இருந்தால் கட்டிவிட்டுத்தான் நாட்டை விட்டுப் போக முடியும் என்று ஆக்கினார்கள். அந்த மாதக் கடைசியில்தான் எனக்கு டிக்கெட். அப்பாவுக்குத் தர்மபுரி அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்திருந்தது.

பெட்டி போட்டு, போர்டிங் பாஸ் வாங்கி, இமிக்ரேஷனில் நின்றால், "முகாலஃபா, அங்கே போ" என்று கை காட்டினார். அங்கேயே டிராஃபிக் கவுண்டர் இருந்தது. பார்க்கிங் ஃபைன் மூன்று, தலா ஐந்து தினார், பதினைந்து. இரண்டு வருடத்துக்கு முந்தையது, எனக்கு நினைவே இல்லை. கட்டினேன், ரசீது கொடுத்தார்கள், போகவிட்டார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒருவருக்குத் தொகை பெரியது, கையில் பணம் இல்லை. அவர் என் விமானத்தில் ஏறவில்லை.

இப்போது அங்கே ஃபைன் தொகையும் ஏறிவிட்டது. 2025 ஏப்ரல் 22-லிருந்து போன் பிடித்தால் 75 தினார், பெல்ட் போடாவிட்டால் 30. டிக்கெட் போடும் முன் குவைத் அரசின் சாஹல் ஆப்பில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். விமானநிலையத்தில் கட்டிக்கொள்ளலாம் என்று போகாதீர்கள்.

காவேரிப்பட்டணம் சகோதரி

அண்ணா, என் வீட்டுக்காரர் ஜித்தாவில் ஒரு கம்பெனியில் டிரைவர். தை மாதம் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக, ஃபைனல் எக்ஸிட்டில் வருவதாக இருக்கிறார். மாங்காய்த் தோப்பைக் குத்தகைக்கு எடுத்து முன்பணமும் கொடுத்துவிட்டோம். நேற்று போனில், "ஏதோ ஃபைன் இருக்கிறதாம், ஃபைனல் எக்ஸிட் அடிக்க முடியவில்லை என்று ஆபீசில் சொன்னார்கள்" என்றார். 1,100 ரியால் இருக்கும் என்கிறார். கம்பெனிக்காரர்கள் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறோம் என்கிறார்களாம். நான் இங்கே பேங்கிலிருந்து கட்ட முடியுமா?

கிருஷ்ணகிரி முன்னாள் மந்தூப்

தங்கச்சி, இங்கிருந்து நேராகக் கட்ட வழி தேட வேண்டாம். அங்கே பேங்க் அக்கவுண்ட் உள்ள எந்த நண்பராலும் கட்ட முடியும். அவருடைய பேங்க் ஆப்பில் அரசுக் கட்டணம், அதில் முகாலஃபா என்று போய், உங்கள் வீட்டுக்காரர் இகாமா நம்பரைப் போட்டால் பாக்கி தெரியும்.

ஆனால் கட்டுவதற்கு முன்னால் ஒன்று செய்யச் சொல்லுங்கள். அப்ஷரைத் திறந்து ஒவ்வொரு முகாலஃபாவிலும் வண்டி நம்பரையும் தேதியையும் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பட்டும். அவர் ஓட்டிய வண்டிதானா, அந்த நாள் அவர் டியூட்டியில் இருந்தாரா என்று பாருங்கள். 30 நாளுக்குள் விழுந்தது இருந்தால் அதற்கு மட்டும் ஆட்சேபம் போடலாம். தாண்டியவற்றைக் கட்டித்தான் ஆக வேண்டும். மொத்தமாகச் சம்பளத்தில் பிடிக்க விடாதீர்கள். எது எவ்வளவு என்று பட்டியல் கேளுங்கள்.

அப்புறம், ஃபைனல் எக்ஸிட் அடித்த பிறகு கிளம்ப 60 நாள் இருக்கும். அந்த நாட்களில் வண்டியைத் தொடவே வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அரூர் அண்ணன்

எக்ஸிட் அடித்துவிட்டால் பிறகு விழும் ஃபைனுக்குப் பிடிக்க மாட்டார்கள் தம்பி. என் மச்சான் அப்படித்தான் வந்தான்.

கிருஷ்ணகிரி முன்னாள் மந்தூப்

வந்தவரும் உண்டு அண்ணா. கவுண்டரில் நின்று, ஆள் தேடிக் கட்டிவிட்டுப் போனவரையும் நான் பார்த்தேன்.

பாலக்கோடு டிரைவர்

சகோதரி, அவருடைய அப்ஷரில் எந்தப் போன் நம்பர் இருக்கிறது என்றும் கேளுங்கள். எனக்கு எல்லாம் அங்கேதான் கெட்டது.

காவேரிப்பட்டணம் சகோதரி

அண்ணா, படம் அனுப்பினார். ஐந்து இருக்கிறது. மூன்று அவர் ஓட்டியதுதான், அவரே ஒப்புக்கொள்கிறார். 450 ரியால். பெல்ட்டுக்கு ஒன்று 150, போனுக்கு ஒன்று 500, இந்த இரண்டும் பழைய பிக்கப் வண்டி நம்பர். அதை அவர் ஆடி மாதமே ஒப்படைத்துவிட்டார். போன் ஃபைன் விழுந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது, அதற்கு இன்றைக்கு ஆட்சேபம் போட்டிருக்கிறார். பெல்ட்டுக்கு நாள் தாண்டிவிட்டது.

பழைய வண்டியில் அவர் பெயரை எடுக்கச் சொல்லி மெசேஜ் போட்டாராம். இன்னும் எடுக்கவில்லை. கூட இருக்கும் பர்கூர் அண்ணன் ஒருவர் 600 ரியால் கட்டித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஆட்சேபத்துக்கு என்ன பதில் வருகிறது என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.