அம்மாவின் கணக்கு முடங்கிவிட்டது, மறுபடியும் ஃபைக்கா காகிதம் கேட்கிறார்கள், என்ன செய்வது?

சரோ (பேவியூ, சாட்ஸ்வொர்த்)

வணக்கம். விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

சனிக்கிழமை அம்மா கடையில் பச்சைமிளகாய், கொத்தமல்லி, ஒரு பை மாவு, எண்ணெய் எல்லாம் கவுண்டரில் எடுத்து வைத்துவிட்டு கார்டை நீட்டியிருக்கிறார். ஓடவில்லை. மறுபடியும் தேய்த்தும் ஓடவில்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போக, பாதி சாமானைத் திருப்பி வைத்துவிட்டுப் பையில் இருந்த சில்லறைக்கு மிளகாயை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசவில்லை. கணக்கில் காசு இல்லையோ என்று நான் பார்த்தால் அப்பாவின் ஓய்வூதியப் பணம் 25ஆம் தேதியே வந்து உட்கார்ந்திருக்கிறது.

வங்கிக்கு போன் செய்தால் ஃபைக்கா, அதாவது ஐடி, முகவரிச் சான்று, புதுப்பிக்கவில்லை, அதனால் நிறுத்திவைத்திருக்கிறோம் என்கிறார்கள். அம்மாவின் போனைத் தேடிப் பார்த்தேன், ஜூனிலிருந்து நான்கு செய்தி வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் போன வருடம் இப்படி ஒரு லிங்கை அழுத்திப் பணத்தை இழந்ததால் அம்மா எல்லாவற்றையும் மோசடி என்று நினைத்து விட்டுவிட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

1998இல் திறந்த கணக்கு இது. 2004 வாக்கில் அப்பாவே வரிசையில் நின்று ஐடி, லைட் பில் எல்லாம் கொடுத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒருமுறை கொடுத்தாயிற்றே, மறுபடி எதற்கு? இதைவிடப் பெரிய கவலை, ஈமச்சடங்கு பாலிசியின் டெபிட் ஆர்டர் 1ஆம் தேதி திரும்பிவிட்டது, காசு இருந்தும்!

கணேசன், ஃபீனிக்ஸ்

அக்கா, இது சட்டம். பத்து வருடத்துக்கு ஒருமுறை எல்லாரும் புதுப்பிக்க வேண்டும், ஆபத்தான வாடிக்கையாளர் என்றால் இரண்டு வருடம். பணமோசடித் தடுப்பில் பின்தங்கிய நாடுகளின் சாம்பல் பட்டியலில் நம் தென்னாப்பிரிக்கா இருந்ததால்தான் இவ்வளவு கெடுபிடி, 2025 அக்டோபரில் வெளியே வந்துவிட்டோம், இனி தளர்த்திவிடுவார்கள். என்னைக் கேட்டால் பணத்தை மொத்தமாக எடுத்துக்கொண்டு வேறு வங்கிக்குப் போய்விடுங்கள், இவர்களுக்குப் புத்தி வரும்.

பழைய கவுண்டர் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

கணேசன் தம்பி, இரண்டு, எட்டு, பத்து என்ற வருடக் கணக்கு இந்திய ரிசர்வ் வங்கியுடையது. ஊரில் கணக்கு வைத்திருக்கும் யாரோ உங்களிடம் சொல்லியிருப்பார்கள். இங்கே சட்டத்தில் அப்படி எண்ணே கிடையாது. எத்தனை வருடத்துக்கு ஒருமுறை கேட்பது என்பதை ஒவ்வொரு வங்கியும் தன் சொந்த இடர் மேலாண்மைத் திட்டத்தில் எழுதிவைத்துக்கொள்கிறது. அதனால்தான் ஒரே வீட்டில் அம்மாவுக்கு ஒரு வங்கி கேட்கும், மகளுக்கு இன்னொரு வங்கி கேட்காது.

சரோ, நான் இருபத்தாறு வருடம் கிளையில் இருந்தவன், கடைசி ஏழு வருடம் இந்தக் காகிதங்களைப் பார்ப்பதுதான் வேலை. உங்கள் அப்பா வரிசையில் நின்றது சரிதான். 2001இல் வந்த நிதி உளவு மையச் சட்டத்தைத்தான் எல்லாரும் ஃபைக்கா என்கிறோம். 2003 நடுவில் வங்கிகளுக்கு அது நடைமுறைக்கு வந்ததும் பழைய வாடிக்கையாளர்களையெல்லாம் கூப்பிட்டுக் காகிதம் வாங்கினோம். அப்போது அது ஒருமுறை வேலையாகத்தான் எங்களுக்கே தோன்றியது. 2017இல் சட்டத்தைத் திருத்தினார்கள், அங்கேதான் கதை மாறியது. வாடிக்கையாளரைத் தெரிந்துவைத்திருப்பது தொடர்ந்து நடக்க வேண்டும், கையில் இருக்கும் தகவல் பழசாகிவிடக் கூடாது என்று 21சி பிரிவு வந்தது. 21ஈ பிரிவு அதைவிடக் கடுமை: அந்தச் சரிபார்ப்பைச் செய்ய முடியவில்லை என்றால் வங்கி பரிவர்த்தனை நடத்தக் கூடாது, உறவையே முடித்துக்கொள்ள வேண்டும். செய்யாமல் விட்டால் தென்னாப்பிரிக்க ரிசர்வ் வங்கி அபராதம் போடும். ஆகவே கவுண்டரில் இருக்கும் பெண்ணிடம் சத்தம் போட்டுப் பயனில்லை, முடக்குவதை அவள் தீர்மானிப்பதில்லை.

சாம்பல் பட்டியலில் 2023 பிப்ரவரியில் போட்டார்கள், 2025 அக்டோபரில் எடுத்தார்கள், அது உண்மை. அந்த இடைவெளியில் வேகம் கூடியதும் உண்மை. ஆனால் 21சி அதற்கு முன்பே இருந்தது, இப்போதும் இருக்கிறது.

மொத்தமாக எடுத்துக்கொண்டு போங்கள் என்பது நடக்காத காரியம். முடங்கிய கணக்கிலிருந்து எப்படி எடுப்பது? புது வங்கியும் முதல் நாளே இதே காகிதத்தைத்தான் கேட்கும்.

பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்: முதலில் செய்தி, அப்புறம் ஆப்பைத் திறக்கும்போதெல்லாம் ஒரு நினைவூட்டல், அதற்கும் பதில் இல்லை என்றால் வெளியே போகும் வழியை அடைப்பார்கள். உள்ளே வரும் பணம் பல வங்கிகளில் வந்துகொண்டே இருக்கும், அதனால்தான் உங்களுக்கு 25ஆம் தேதிப் பணம் தெரிகிறது. கார்டு, ஏடிஎம், டெபிட் ஆர்டர் நிற்கும். காசு நிறைய இருந்தாலும் டெபிட் ஆர்டர் திரும்பும், திரும்பியதற்குக் கட்டணமும் பிடிப்பார்கள். இன்னும் பல மாதம் போனால் அறிவிப்புக் கொடுத்து மூடுவார்கள். மூடினாலும் பணம் அம்மாவுடையதுதான், எங்கேயும் போகாது, ஆனால் அதை வாங்கவும் அதே ஐடியோடு வந்து நிற்க வேண்டும்.

நாளை காலையே ஐடியும் முகவரிச் சான்றும் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போங்கள். அதற்கும் முன்னால் பாலிசிக் கம்பெனிக்குப் போன் செய்து இந்த மாதப் பிரீமியத்தை உங்கள் கணக்கிலிருந்து கட்ட முடியுமா என்று கேளுங்கள். கணக்கு இரண்டு நாளில் திறந்துவிடும், பாலிசி விழுந்தால் காத்திருப்புக் காலம் முதலிலிருந்து ஓட ஆரம்பிக்கலாம்.

ரவி_ஜோபர்க்

எனக்கும் இதே பிரச்சினைதான். நான் சென்னையிலிருந்து வேலைக்கு வந்தவன், போன ஏப்ரலில் விசா முடிந்த நாளே கார்டு நின்றுவிட்டது. புதுப்பிக்க விண்ணப்பித்த ரசீதைக் காட்டினேன், ஒரு கிளையில் ஏற்றார்கள், இன்னொரு கிளையில் மாட்டோம் என்றார்கள். வாடகை கட்ட நண்பனிடம் கடன். இதற்கு என்ன வழி சார்?

பழைய கவுண்டர்

ரவி, உங்களுடையது வேறு. அங்கே ஃபைக்கா மட்டும் இல்லை, உங்கள் அனுமதியின் கடைசித் தேதியை வங்கியின் கணினியில் பதிந்திருப்பார்கள், அந்தத் தேதி வந்ததும் அது தானாக நிறுத்தும். ரசீதை ஏற்பது வங்கிக்கு வங்கி மாறும். ஏற்ற கிளையிலேயே எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

சரோ

போய் வந்தேன், திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அம்மாவின் பச்சை ஐடி புத்தகம் பரவாயில்லை, விரலை வைத்துப் பார்த்தார்கள், உள்துறையில் பொருந்தியது. முகவரியில்தான் மாட்டிக்கொண்டோம். ஈத்தெக்வினி நகராட்சி பில் இன்னும் அப்பா பெயரில் வருகிறது, அவர் இறந்து மூன்று வருடம். இறந்தவர் பெயரில் இருக்கும் பில் செல்லாதாம். போதாததற்கு வங்கியில் நம் தெரு இன்னும் பெலிக்கன் டிரைவ் என்ற பழைய பெயரிலேயே இருக்கிறது, பில்லில் லென்னி நாயுடு டிரைவ். இரண்டும் ஒரே தெரு என்றால், சட்டம் அப்படித்தான் மேடம் என்கிறாள் அந்தப் பெண். பில்லை அம்மா பெயருக்கு மாற்ற, இறந்தவர் சொத்தைப் பார்க்கும் மாஸ்டர் அலுவலகத்தின் கடிதம் வேண்டும், அப்பாவின் எஸ்டேட்டை யாரும் முடிக்கவே இல்லை. அண்ணன் செய்கிறேன் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான்.

பழைய கவுண்டர்

சட்டம் அப்படித்தான் என்பது இங்கே பொருந்தாது. 2017க்கு முன்னால் எந்தக் காகிதம் வேண்டும் என்பது விதியிலேயே இருந்தது, அந்தப் பழக்கம் கவுண்டரில் இன்னும் போகவில்லை. இப்போது முகவரியைக் கேட்பதா, எதைக் கொண்டு உறுதிசெய்வது என்பதை வங்கியே தீர்மானிக்கிறது. அதாவது அது வங்கியின் கொள்கை, அதில் மாற்றுவழிகளும் எழுதியிருக்கும். மேலாளரைக் கேளுங்கள்: "பில் தவிர உங்கள் பட்டியலில் வேறு எதை ஏற்பீர்கள்?" இப்படிக் கேட்டால் பெரும்பாலும் ஒரு தாளை எடுத்து நீட்டுவார்கள்.

அம்மாவின் பெயரும் தெருப் பெயரும் இருக்கும், மூன்று மாதத்துக்குள் வந்த எதையாவது தேடுங்கள். மெடிக்கல் எய்ட் அறிக்கை, துணிக்கடைக் கணக்கு, வரித்துறையான சார்ஸ் அனுப்பும் கடிதம், அந்தப் பாலிசிக் கம்பெனியே அனுப்பும் கடிதம். ஒன்றும் இல்லை என்றால் உறுதிமொழிப் பத்திரம். கூடவே குடியிருக்கும் வேறொருவர், அவர் பெயரில் சான்று இருந்தால், இவர் என்னோடு இந்த முகவரியில் வசிக்கிறார் என்று எழுதி போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடலாம், காசு கிடையாது. வங்கியின் படிவத்தையே வாங்கிக்கொண்டு போங்கள், சொந்தமாக எழுதியதைத் திருப்பிவிடுவார்கள்.

தெருப் பெயருக்குத் தனியாகச் சண்டை வேண்டாம். முகவரி மாற்றம் என்றே படிவத்தில் நிரப்புங்கள். வீடு மாறவில்லையே என்று வாதாடினால் பின்னால் கோப்பைப் பார்ப்பவருக்கு இரண்டு தெரு கண்ணில் படும், நிராகரித்துவிடுவார். அவர் பேவியூவைப் பார்த்திருக்கவே மாட்டார்.

கணேசன், ஃபீனிக்ஸ்

என் மாமாவுக்கு உறுதிமொழிப் பத்திரத்தை ஏற்கவில்லையே? பில் இல்லாமல் எதுவும் நடக்காது என்றார்கள்.

பழைய கவுண்டர்

மாமா யாருடைய கையெழுத்தை வாங்கினார்? தானே தனக்கு எழுதிக்கொண்டாரா? அதைப் பல இடங்களில் ஏற்கமாட்டார்கள்.

கணேசன், ஃபீனிக்ஸ்

அவரேதான் எழுதினார். சரி.

மாலா (டொங்காட்)

அந்தச் செய்திகளில் எது நிஜம் என்று அம்மாக்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? என் மாமியாரும் எல்லாவற்றையும் அழிக்கிறார்.

பழைய கவுண்டர்

செய்தியைப் பார்த்து நிஜமா பொய்யா என்று நானே சில நேரம் தடுமாறுவேன். அதனால் லிங்கைத் தொடவே வேண்டாம். கார்டின் பின்புறம் இருக்கும் எண்ணுக்கு நீங்களே போன் செய்து, ஃபைக்கா பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் சொல்வார்கள். பின் நம்பரோ, போனுக்கு வரும் ஒருமுறை எண்ணோ கேட்டால் அது வங்கி இல்லை.

சரோ

வியாழக்கிழமை திறந்துவிட்டார்கள். என் செல்போன் ஒப்பந்த அறிக்கை இதே முகவரியில் என் பெயரில் வருகிறது, அதை வைத்து நான் உறுதிமொழி எழுதினேன், வங்கியின் படிவத்தில்தான். போலீஸ் ஸ்டேஷனில் முக்கால் மணி நேரம். தெருவை முகவரி மாற்றம் என்றே போட்டோம். செவ்வாய் கொடுத்தது, முதல் தடவை ஐடி நகல் மங்கல் என்று திரும்பியது, மறுபடி ஸ்கேன் செய்ததும் சரியாகிவிட்டது. திரும்பிய டெபிட் ஆர்டருக்குப் பிடித்த கட்டணத்தைக் கேட்டிருக்கிறேன், பார்க்கிறோம் என்றார்கள்.

பாலிசிக்காரர்கள் பிரீமியத்தை வாங்கிக்கொண்டார்கள், ஆனால் காத்திருப்புக் காலம் புதிதாக ஆரம்பிக்குமா என்று எழுத்தில் கேட்டால் இன்னும் பதில் இல்லை. அம்மாவுக்கு இதைச் சொல்லவில்லை. அந்தக் கடைக்கு மட்டும் இனி போக மாட்டேன் என்கிறார்.