பெஞ்ச் கிரைண்டர் பாதுகாப்பு வீடியோ: எச்சரிக்கையை எந்த இடத்தில் வைப்பது?

கோவை கணபதியில் சின்ன மெஷின் ஷாப். புதிதாகச் சேரும் பையன்களுக்காக, 8 இஞ்ச் பெஞ்ச் கிரைண்டரில் வீல் மாற்றுவது பற்றி 7 நிமிட வீடியோ எடுத்தேன். போனில் எடுத்தது, தமிழ்க் குரல். பார்த்துவிட்டு வருபவர்கள் கண்ணாடி மாட்டுகிறார்கள், பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் நட்டைக் கழற்றுகிறார்கள். ஆனால் புது வீலைப் பூட்டியதும் நேர் எதிரே நின்றுகொண்டே ஆன் செய்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் வீல் அப்போதே சிதறலாம். பக்கவாட்டில் நின்று ஒரு நிமிடமாவது வெறுமனே ஓடவிட வேண்டும். கேட்டால் பதில் சரியாக வருகிறது, நிற்பது மட்டும் மாறவில்லை.

எல்லா எச்சரிக்கையையும் தொடக்கத்தில் வைத்துப் பார்த்தேன்; செய்முறை வருவதற்குள் மறந்துவிடுகிறது. அந்தந்த இடத்தில் சிவப்பு எழுத்தில் போட்டேன். எல்லோரும் கையைத்தான் பார்க்கிறார்கள், எழுத்தைப் படிப்பதில்லை. கடைசியில் சுருக்கம் சேர்த்தால் அதற்குள் எழுந்துவிடுகிறார்கள்.

தட்டிப் பார்க்கும் சோதனை மட்டும் நன்றாகப் பதிந்திருக்கிறது. வீலை விரலில் தொங்கவிட்டு ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் மெதுவாகத் தட்டினால், நல்லது கணீரென்கும், விரிசல் விட்டது டொக்கென்கும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க வைத்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். நிற்கும் இடத்துக்கு அப்படி ஒரு சத்தம் இல்லையே!

பயிற்சி வீடியோ எடுத்தவர்கள் சொல்லுங்கள்: ஸ்விட்ச் போடும் கட்டத்தில் சரியாக நிற்பதை மட்டும் வேறு வேறு கோணத்தில் திரும்பத் திரும்பக் காட்டுவதா, இல்லை தவறாக நிற்பதையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவதா?