கொண்டை ஊசி வளைவில் நின்ற கார்: படம் அனுப்பினேன், 'Closed' என்று வந்தது

பர்லியாறு பயணி
மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைப்பாதையில், ஒரு கொண்டை ஊசி வளைவின் உள்பக்கத்திலேயே வெள்ளைக் கார் ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். கேரளப் பதிவு எண். ஏறி வந்த அரசுப் பேருந்து திரும்ப இடமில்லாமல் நின்றுவிட்டது. நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து போலீஸ் ஆப்பில் புகார் அனுப்பினேன். சில நாள் கழித்து 'Closed' என்று மட்டும் காட்டுகிறது. அபராதம் போட்டார்களா, தள்ளிவிட்டார்களா? தெரிந்துகொள்ள வழி உண்டா?

கோத்தகிரி டிரைவர்
போட்டிருக்க மாட்டாங்க. கேரள வண்டிக்கு நம்மூர் போலீஸ் கேஸ் போட முடியாதுங்க, அந்த ஊர் ஆர்டிஓவுக்கு எழுதி அனுப்பணும். யார் அனுப்புவாங்க? அதோட, நம்பர் பிளேட் மட்டும் தெரியற ஒத்தைப் படம் எதுக்கும் நிக்காது. வளைவே அதுல இல்லையே.

லவ்டேல் வாசி
வெளி மாநில வண்டி என்றால் இ-பாஸ் எடுத்திருப்பார்கள். கல்லாறு சோதனைச் சாவடியில் சொன்னால் எண்ணை வைத்துப் பார்த்துவிடுவார்கள். சீசனில் வண்டிகளுக்கு எண்ணிக்கை வரம்பே இருக்கிறது.

ஓய்வு ஏட்டு
லவ்டேல் ஐயா, இ-பாஸ் என்பது மலைக்குள் வர அனுமதி. நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பாஸ் இருந்தாலும் குற்றம் குற்றம்தான்.

கோத்தகிரித் தம்பி சொன்னதில் பாதி சரி, பாதி தவறு. குற்றம் எந்த எல்லையில் நடந்ததோ அந்த எல்லைக் காவல்துறைதான் செலான் போட வேண்டும். வண்டி எங்கே பதிவானது என்பது இதில் தடையே இல்லை. எண்ணைத் தட்டினால் வாகன் தரவுத்தளத்திலிருந்து கேரள வண்டியின் விவரமும் வந்துவிடும். உரிமையாளர் பதிவு செய்துள்ள கைபேசிக்குக் குறுஞ்செய்தி போகும். அந்த எண் பழையதாக இருந்தால், அல்லது வண்டியை விற்றும் பெயர் மாற்றாமல் விட்டிருந்தால், செலான் போட்ட விஷயமே ஓட்டியவருக்குத் தெரியாமல் கிடக்கும்.

படத்தைப் பற்றித் தம்பி சொன்னது முழுக்கச் சரி. புகாரை எடுக்கிறவர் முதலில் செய்வது எண்ணைத் தட்டி, வாகன் காட்டும் வண்டியின் வகை, நிறுவனம், நிறம் மூன்றும் படத்தில் உள்ள வண்டியோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான். பிளேட் மட்டும் நெருக்கமாக எடுத்த படத்தில் ஒப்பிட ஒன்றும் இருக்காது. 8-ஐ B என்றோ 0-வை D என்றோ படித்துவிட்டால், படத்தில் வெள்ளைக் கார் இருக்க, தரவில் யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிள் வரும். இப்படிப் பொருந்தாததும், ஒப்பிட வழியில்லாததும் அங்கேயே மூடப்படும். சம்பந்தமில்லாத ஒருவருக்கு செலான் போனால் பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்துப் போட்ட அதிகாரிதான். அதனால் சந்தேகம் என்றால் மூடுவார்கள்.

ஆகவே 'Closed' என்ற சொல் முடிவைச் சொல்லாது. செலான் போட்டும் மூடலாம், ஆதாரம் போதவில்லை என்றும் மூடலாம், எங்கள் எல்லை இல்லை என்றும் மூடலாம். உங்கள் திரையில் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும்.

பர்லியாறு பயணி
நன்றிங்க ஐயா. அப்படியென்றால் எப்படி எடுத்திருக்க வேண்டும்? echallan.parivahan.gov.in தளத்தில் அந்த வண்டி எண்ணைப் போட்டுப் பார்க்க முடியாதா?

ஓய்வு ஏட்டு
அந்தத் தளத்தில் வண்டி எண்ணோடு சேசிஸ் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி 5 இலக்கமும் கேட்கும். அது வண்டிக்காரரிடம்தான் இருக்கும். உங்களால் பார்க்க முடியாது.

எடுக்கும் முறை. 2017 ஓட்டுநர் ஒழுங்குமுறைகளின்படி வளைவிலோ வளைவை ஒட்டியோ நிறுத்தக் கூடாது. அதனால் இங்கே 'நோ பார்க்கிங்' பலகை தேவையில்லை, ஆனால் அது வளைவுதான் என்று படம் காட்டியாக வேண்டும். பின்பக்கம் சாய்வாக நின்று, முழு வண்டியும் பிளேட்டும் தெரிய ஒரு படம். வளைவின் மேல் பக்கத்திலிருந்து, சாலை திரும்புவதும் வளைவு எண் எழுதிய பலகையும் வண்டியும் சேர்ந்து விழ இன்னொன்று. சில நிமிடம் கழித்து அதே கோணத்தில் மூன்றாவது. இந்த மூன்றாவதைத்தான் யாரும் எடுப்பதில்லை. மலையில் இறங்கும் வண்டிகள் பிரேக் சூடாகி நிற்பதுண்டு, ஏறும் வண்டி கொதித்து நிற்பதுண்டு. ஒரே படம் என்றால் 'கோளாறு, ஒரு நிமிடம் நின்றேன்' என்ற பதிலை மறுக்க முடியாது. பானெட் மூடியிருப்பதும், முக்கோணப் பலகை வைக்காததும், ஆட்கள் இறங்கிப் படம் பிடித்துக்கொண்டிருப்பதும் உங்கள் படத்தில் விழுந்தால் அந்த வாதம் எடுபடாது.

மூடுபனியில் ஃபிளாஷ் போடாதீர்கள். புது வகை உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட் ஒளியைத் திருப்பி அடிக்கும். நேராக ஃபிளாஷ் அடித்தால் எண் வெளுத்துப்போய் வெறும் வெள்ளைப் பட்டைதான் மிஞ்சும்.

வண்டி ஓட்டிக்கொண்டே எடுக்கவும் கூடாது. அது உங்கள் மேல் தனிக் குற்றம். பக்கத்தில் இருப்பவர் எடுக்கட்டும், அல்லது அகலமான இடத்தில் ஓரம்கட்டி இறங்கி எடுங்கள்.

கோர்ட் வளாகம்
ஏட்டு ஐயா சொல்வது காவல் நிலையம் வரைக்கும் சரி. அதற்கு மேல் எனக்கு உடன்பாடு இல்லை. 2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167A சேர்த்தார்கள். வேகக் கேமரா, சிசிடிவி, உடலில் அணியும் கேமரா என்று கருவிகளைப் பட்டியலிட்டு, அவற்றுக்கு ஒப்புதல் சான்று வேண்டும், படத்தில் இடம், தேதி, நேரம் வேண்டும், 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்றெல்லாம் கட்டுப்பாடு வைத்தார்கள். பொதுமக்கள் கைபேசி எந்தச் சான்றும் பெற்ற கருவி அல்ல. அந்தப் படத்தை மட்டும் வைத்துப் போட்ட செலானை ஒருவர் எதிர்த்து நின்றால் விழுந்துவிடும்.

ஓய்வு ஏட்டு
167A காவல்துறை வைக்கும் கருவிகளுக்கு. பொதுமக்கள் அனுப்புவது தகவல். போனில் கூப்பிட்டுச் சொன்னால் எப்படியோ அப்படித்தான், கூடவே படம் இருக்கிறது. தகவலைச் சரிபார்த்து அதிகாரி தன் பொறுப்பில் நடவடிக்கை எடுக்கிறார். மோட்டார் வாகனச் சட்டம் 133-ன்படி உரிமையாளரிடம் 'அன்று ஓட்டியது யார்' என்று கேட்கலாம், அவர் சொல்லியே ஆக வேண்டும். வாடகைக் கார்களுக்கு இது மிகவும் தேவை. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால் உரிமையாளர் ஒரு நிறுவனம், ஓட்டியவர் வேறு ஆள்.

கோர்ட் வளாகம்
கேட்கலாம், சரி. அவர் 'அந்தப் படம் உண்மையல்ல' என்றால்? புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமம் 63-ன்படி சான்றிதழ் வேண்டும். படம் எடுத்த கருவிக்குப் பொறுப்பானவர் ஒரு பகுதியும் நிபுணர் ஒரு பகுதியும் நிரப்பி, கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்போடு தர வேண்டும். பர்லியாறு பயணி நீதிமன்றம் வந்து 'நான்தான் எடுத்தேன்' என்று சொல்லத் தயாரா? 500 ரூபாய் அபராதத்துக்கு எந்தக் காவல் நிலையம் இத்தனை வேலை பார்க்கும்?

ஓய்வு ஏட்டு
பெரும்பாலானோர் எதிர்ப்பதில்லை, கட்டிவிடுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 177-ல் அபராதம் முதல் முறை 500 வரை, மறுபடி செய்தால் 1500 வரை. ஆனால் எதிர்த்தால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்பது நியாயம்தான், சார். நேரில் பார்த்த அதிகாரி இல்லாமல் படம் மட்டும் இருக்கும் வழக்கு பலவீனமானது என்பதை மறுக்க மாட்டேன். அதனால்தான் அசல் கோப்பை வைத்திருங்கள் என்கிறேன். வெட்டுவது, சிவப்பு வட்டம் போடுவது எல்லாம் நகலில் செய்யுங்கள். வாட்ஸ்அப் வழியாகச் சுற்றி வந்த படம் சுருங்கி, எடுத்த நேரமும் இடமும் கழன்றுபோயிருக்கும். அதன் ஹாஷும் அசலோடு ஒத்துப்போகாது.

நாடுகாணி
எங்க பக்கம் வேற சிக்கல். நாடுகாணி மலைப்பாதையில லாரி ஒண்ணு வளைவுல முந்துனதை எடுத்தேன். டவர் இல்லை. கீழ வழிக்கடவு போய்தான் அனுப்ப முடிஞ்சுது. ஆப் அனுப்பின இடத்தைப் பிடிச்சுக்கிச்சு, அது கேரளா. 'எல்லைக்கு வெளியே'ன்னு மூடிட்டாங்க. முந்துனதுக்கு ஒரு படம் போதாதுன்னும் சொன்னாங்க, வீடியோ வேணுமாம்.

ஓய்வு ஏட்டு
சரியாகச் சொன்னார்கள். நிறுத்தியது, ஹெல்மெட் இல்லாதது, மூன்று பேர் ஏறியது இவையெல்லாம் ஒரு படத்தில் தெரியும். முந்துவது ஓர் அசைவு. இரண்டு வண்டி பக்கத்தில் இருக்கும் படத்தை வைத்து யார் யாரை முந்தினார் என்று சொல்ல முடியாது.

பர்லியாறு பயணி, நீங்கள் எங்கிருந்து அனுப்பினீர்கள்?

பர்லியாறு பயணி
மேட்டுப்பாளையம் வந்த பிறகு. மேலே சிக்னல் இல்லை.

ஓய்வு ஏட்டு
அப்படியானால் அதையும் பாருங்கள். பர்லியாறு நீலகிரி, கல்லாறு கோவை மாவட்டம். அனுப்பிய இடத்தை ஆப் எடுத்துக்கொண்டிருந்தால் புகார் கோவைப் பக்கம் போயிருக்கும். புகார் விவரத்தைத் திறந்து வரைபடத்தில் புள்ளி எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். கீழே விழுந்திருந்தால், புதிதாக ஒரு புகார் போட்டு, விவரப் பெட்டியில் நீலகிரி மாவட்டம், வளைவு எண், படம் எடுத்த நேரம் மூன்றையும் எழுதுங்கள். பழைய புகார் எண்ணையும் சேர்த்துவிடுங்கள். நாள் கடத்த வேண்டாம், அறிவிப்பு அனுப்பக் காவல்துறைக்கும் நேரம் வேண்டும்.

முடிவு தெரிய வேண்டுமென்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ மனு. 30 நாளில் பதில் தர வேண்டும். கார்க்காரர் யார், கட்டினாரா என்று கேட்காதீர்கள், அடுத்தவர் விவரம் என்று மறுப்பார்கள். 'என் புகார் எண் இது. இதன் மீது எடுத்த நடவடிக்கை என்ன, எந்தக் காரணத்தால் மூடப்பட்டது, அந்தக் குறிப்பின் நகல் தருக' என்று மட்டும் கேளுங்கள்.

கோத்தகிரி டிரைவர்
இத்தனையும் பண்றதுக்கு, அந்த வளைவுல ஒரு ஆளை நிறுத்தினா போதுங்களே ஏட்டய்யா. பஸ் அங்க நிக்கும்போதே நகர்த்தியிருப்பாங்க.

ஓய்வு ஏட்டு
பஸ் நிற்கிற நேரத்தில் 100-க்கோ 112-க்கோ கூப்பிடுவதுதான் முறை, தம்பி. ஆப் வண்டியை நகர்த்தாது, பின்னால் செலான் போடத்தான் உதவும். எல்லா வளைவிலும் ஆள் நிறுத்த முடியாது.

கோர்ட் வளாகம்
பின்னால் போடுவது நிற்குமா என்பதுதான் என் கேள்வி. பொதுமக்கள் படத்துக்கு என்ன தகுதி என்று விதியிலேயே ஒரு வரி எழுதினால் ஒழிய, நீங்களும் நானும் ஒத்துப்போக மாட்டோம் ஐயா.

பர்லியாறு பயணி
பார்த்துவிட்டேன். புள்ளி மேட்டுப்பாளையம் பேருந்து நிலையத்தின் மேல் இருக்கிறது. நல்ல வேளையாக இன்னொரு படமும் கையில் இருக்கிறது, பேருந்துக்குப் பின்னாலிருந்து எடுத்தது. வளைவும் காரும் தெரிகிறது, பலகை தெரியவில்லை. இரண்டையும் சேர்த்து இன்றைக்கே மறுபடி அனுப்புகிறேன்.