ஞாயிற்றுக்கிழமைக்குள் பழுக்குமா?

குழு: நம்ம குடும்பம்

வெள்ளி

கவிதா, காலை 7.10
நேற்று சாயங்காலம் அழகர்கோவில் ரோட்டில் கூடை வைத்திருந்த பாட்டியிடம் ஒரு கிலோ சீத்தா, ஒரு கிலோ சப்போட்டா, அரைக் கிலோ கொய்யா வாங்கினேன். சீத்தா ஆறு இருக்கிறது, எல்லாம் கல் மாதிரி. ஞாயிறு மதியம் காரைக்குடியில் இருந்து நாத்தனார் வீட்டில் வருகிறார்கள். அதற்குள் பழுக்குமா? படம் போட்டிருக்கிறேன்.

பெரியம்மா, காலை 7.14
அரிசிப் பானைக்குள் போட்டு மூடு. இரண்டு நாளில் எல்லாம் பழுத்துவிடும். அந்தக் காலத்தில் நாங்கள் அப்படித்தானே செய்தோம்.

சரவணன், காலை 7.31
அக்கா, கார்பைடு கல் வைத்த பழமா? வேண்டாம், தூக்கிப் போட்டுவிடு. அது தடை செய்யப்பட்டது.

கவிதா, காலை 7.33
டேய், பழுக்கவே இல்லை என்கிறேன். பழுக்க வைத்த பழமா என்று கேட்கிறாய்.

சரவணன், காலை 7.34
ஓ. சரி சரி. பஸ்ஸில் இருக்கிறேன், அரைகுறையாகப் படித்தேன்.

நத்தம் மாமா, காலை 8.02
கவிதா, மேலே இருந்து எடுத்த படத்தில் ஒன்றும் தெரியவில்லை. சீத்தாவை வெளிச்சத்தில் பக்கவாட்டில் பிடித்து எடு. கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவில் இருக்கும் பள்ளம் எனக்குத் தெரிய வேண்டும்.

கவிதா, காலை 8.20
இதோ மாமா. ஒவ்வொன்றாக ஆறு படம்.

நத்தம் மாமா, காலை 8.41
சரி. முதல் படத்தையும் ஐந்தாவதையும் பக்கத்தில் வைத்துப் பார். முதலாவதில் கண்கள் ஒன்றை விட்டு ஒன்று விலகி, தட்டையாக விரிந்திருக்கின்றன. நடுப் பள்ளத்தில் வெண்மஞ்சளாகக் கோடு ஓடுகிறது பார். அது மரத்திலேயே விளைந்த காய். இரண்டாவதும் நாலாவதும் அப்படித்தான். இந்த மூன்றும் ஞாயிற்றுக்கு ஆகும்.
ஐந்தாவதில் கண்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன, பள்ளமும் அடிவரைக்கும் பச்சை. மூன்று, ஐந்து, ஆறு மூன்றும் பிஞ்சில் பறித்தவை. மலைக்காயைக் குரங்கும் அணிலும் விட்டுவைக்காது, முந்திப் பறித்தவனுக்குத்தான் கிடைக்கும். அதனால் கூடையில் இந்த மாதிரி கலந்துதான் வரும். அந்தப் பாட்டியைக் குறை சொல்லாதே.

பெரியம்மா, காலை 8.45
பிஞ்சாக இருந்தாலும் அரிசியில் போட்டால் பழுக்கும் தம்பி.

நத்தம் மாமா, காலை 8.58
அக்கா, அரிசி சூட்டைப் பிடித்து வைக்கும். காய் தானே விடுகிற ஆவியையும் வெளியே போகவிடாது. அதனால் விளைந்த காய் ஒரு நாள் முன்னால் பழுக்கும், அவ்வளவுதான். விளையாத காயை விளைய வைக்க அரிசியால் ஆகாது. அது கறுத்துச் சுருங்கும், இல்லை ஒரு பக்கம் மட்டும் மெத்தென்று ஆகும். வாயில் வைத்தால் சப்பென்று இருக்கும்.
இன்னொன்று, சீத்தா பழுத்ததும் வெடிக்கும். அரிசிக்குள் வெடித்தால் அந்த அரிசியை என்ன செய்வீர்கள்?

ராணி மதினி, காலை 9.05
எங்கள் வீட்டில் நடந்திருக்கிறது. இரண்டு நாள் எறும்பு.

கவிதா, காலை 9.12
அப்போது சீத்தாவை எங்கே வைப்பது? ஃபிரிட்ஜில் வைத்தால் கெடாமல் இருக்குமா?

நத்தம் மாமா, காலை 9.20
காயாக இருக்கும்போது ஃபிரிட்ஜ் பக்கமே போகாதே. தோல் கறுத்துவிடும், அப்புறம் வெளியே எடுத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது. பழுத்த பிறகு வேண்டுமானால் ஒரு நாள் வைக்கலாம்.
பேப்பரில் தனித்தனியாகச் சுற்றி ஒரு தட்டில் பரப்பி வை. ஒன்றன் மேல் ஒன்று அடுக்காதே. மணிக்கொரு தரம் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்காதே, அமுக்கின இடம் முதலில் அழுகும். நாளைக்குச் சாயங்காலம் உள்ளங்கையில் வைத்து, காம்புப் பக்கம் லேசாகத் தாங்கிப் பார். மெத்தென்று கொடுத்து, காம்பைத் தொட்டதும் அது ஆடினால் ஆயிற்று. தோலில் கறுப்புப் புள்ளி விழுந்தால் பயப்படாதே. ஈரம் கசிந்து புளித்த வாடை வந்தால்தான் அழுகல்.

கவிதா, காலை 9.26
சரி மாமா. சப்போட்டா?

நத்தம் மாமா, காலை 9.34
நகத்தால் தோலை லேசாகக் கீறு. என்ன நிறம்?

கவிதா, காலை 9.41
மூன்றைக் கீறினேன். இரண்டில் மஞ்சளாக இருக்கிறது. ஒன்றில் பச்சை, வெள்ளையாகப் பால் வேறு வருகிறது.

நத்தம் மாமா, காலை 9.50
மஞ்சள் என்றால் விளைந்தது. பச்சையும் பாலும் என்றால் பிஞ்சு, அது மெத்தென்று ஆனாலும் தொண்டையைப் பிடிக்கும், உதட்டில் ஒட்டும். விளைந்த காயில் மேலே இருக்கும் பழுப்புத் தூள் கையோடு வரும். ஆனால் கழுவித் துடைத்து வைத்திருப்பவர்களிடம் தூளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, நகம்தான் கதி. சப்போட்டாவை வேண்டுமானால் அக்கா சொன்ன மாதிரி அரிசியில் போடு. ஞாயிற்றுக்கு எல்லாம் ஆகாது, செவ்வாய் புதன் ஆகும்.

பெரியம்மா, காலை 9.52
பார்த்தீர்களா, அரிசி அரிசிதான்.

ராணி மதினி, காலை 10.15
கொய்யாவைப் பற்றி யாரும் பேசவில்லையே. போன வாரம் பளபளவென்று மஞ்சளாகப் பார்த்து வாங்கினேன், பிள்ளைக்கு முழுசாகக் கொடுத்துவிட்டேன். பாதி தின்ற பிறகு பார்த்தால் உள்ளே புழு நெளிகிறது. இப்போது கொய்யா என்றாலே ஓடுகிறான்.

நத்தம் மாமா, காலை 10.31
மழைக்காலத்துக் கொய்யா அப்படித்தான் ராணி. ஈ வந்து தோலில் குத்தி முட்டை வைத்துவிட்டுப் போகும். ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி, அதைச் சுற்றி கொஞ்சம் மெத்தென்று பழுப்பாக இருக்கும். அந்த இடம் இருந்தால் எடுக்காதே. நன்றாக மஞ்சளாகும் வரை காத்திருந்தால் புழுவும் சேர்ந்து வளரும். கரும்பச்சை மாறி வெளிர்பச்சையாகி, மூக்கில் வைத்தால் வாசம் வர ஆரம்பிக்கும் பார், அந்தச் செங்காயை வாங்கு. எதுவானாலும் இரண்டாக வெட்டிப் பார்த்துக் கொடு.

சரவணன், காலை 10.40
செங்காய்க் கொய்யா, உப்பு, மிளகாய்த்தூள். சென்னையில் உட்கார்ந்து நாக்கில் எச்சில் ஊறுகிறது.

ஞாயிறு

கவிதா, மாலை 4.48
மாமா, நீங்கள் சொன்ன மூன்றில் இரண்டு நேற்று இரவே மெத்தென்று ஆகிவிட்டன, இன்று மதியம் வைத்தேன். கண்ணைப் பிரித்ததும் சுளை தனியாகக் கழன்று வந்தது. நாத்தனார் விதையை மட்டும் தட்டில் குவித்துவிட்டுப் போனார். நாலாவது இன்று காலை அடிப்பக்கம் வெடித்திருந்தது, நானே தின்றுவிட்டேன்.

நத்தம் மாமா, மாலை 5.05
வெடித்ததுதான் ருசி. மற்ற மூன்று?

கவிதா, மாலை 5.11
மூன்றாவதும் ஆறாவதும் கறுத்துக் கட்டையாக இருக்கின்றன. பெரியம்மாவுக்காக ஐந்தாவதை மட்டும் சப்போட்டாவோடு அரிசியில் போட்டிருந்தேன். அது பழுத்திருக்கிறது!

பெரியம்மா, மாலை 5.12
🙏

நத்தம் மாமா, மாலை 5.20
முழுசாகவா?

கவிதா, மாலை 5.24
காம்புப் பக்கம் நன்றாக இனிக்கிறது. அடிப்பக்கம் மாவு மாதிரி, இனிப்பு இல்லை.

நத்தம் மாமா, மாலை 5.33
அது அரைவிளைச்சல் காயாக இருந்திருக்கும். படத்தில் எனக்குச் சரியாகத் தெரியவில்லை போல.

பெரியம்மா, மாலை 5.35
தம்பி, பாதி பழுத்ததா இல்லையா? அதைச் சொல்.

ராணி மதினி, மாலை 5.41
கவிதா, அரிசியில் எறும்பு வந்ததா?